தெருவை அழிக்கும் ரப்பர்

செல்போன் வைத்திருக்கிற எல்லோர் கையிலும் இப்போது ஒரு ரப்பர் இருக்கிறது. படத்தில் பிடிக்காத ஆளைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டால் போதும், ஆள் காலி. குறுக்கே தொங்கும் கேபிள் ஒயர், பின்னால் வந்து நின்ற ஸ்கூட்டர், 'இங்கு சூடான வடை கிடைக்கும்' போர்டு எல்லாம் இரண்டு விநாடியில் மாயம். கூகுள் 2021இல் தன் பிக்ஸல் போனில் 'மேஜிக் இரேசர்' என்று இதைக் கொடுத்தது. ஆப்பிள் 2024இல் 'கிளீன் அப்' என்று கொடுத்தது. இரண்டு பேரும் என்ன பேர் வைத்திருக்கிறார்கள், பாருங்கள். ஒன்று அழிக்கிறதாம், இன்னொன்று சுத்தம் பண்ணுகிறதாம்.

இரண்டுமே பொய். அந்த ரப்பர் எதையும் அழிப்பதில்லை. வரைகிறது. அந்த இடத்தில் இல்லாத ஒன்றை, இருந்த மாதிரியே, உங்கள் பெயரில் வரைந்து கொடுக்கிறது.

சண்டைக்கு முன்னால் ஒரு விஷயம். உங்கள் கல்யாண ரிசப்ஷன் படத்தில் மாப்பிள்ளை தோளுக்குப் பின்னால் ஒருத்தர் வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிறாரா? தாராளமாகத் தூக்குங்கள். மகாபலிபுரத்தில் குழந்தையை நிற்க வைத்து எடுத்த படத்தில் யாருடைய முதுகோ தெரிகிறதா? எடுத்துவிடுங்கள். அவை உங்கள் படங்கள். அவற்றில் விஷயம் நீங்கள்தான், தெரு இல்லை. என் சண்டை, 'இதுதான் எங்க ஊர்' என்று நாலு பேருக்குக் காட்டப்படுகிற படத்தைப் பற்றி. திருவிழா மலரின் அட்டையில், பள்ளி ஆண்டு விழா மலரில், ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் வருகிறதே, அந்தப் படம்.

*

உதாரணத்துக்கு கெங்குவார்பட்டி. வத்தலக்குண்டு - பெரியகுளம் சாலையில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் இருக்கிற பேரூராட்சி. அங்கே உறவினர் வீட்டுப் பையன் ஒருவன், எனக்கு மருமகன் முறை, ஊர் மலருக்காகக் கடைத்தெருவைப் படம் எடுத்திருந்தான். காலை எட்டு மணி வெயில், பின்னால் மலை. நல்ல படம். ஆனால் அவன் எனக்குக் காட்டியது எடுத்த படத்தை இல்லை, 'சுத்தம்' செய்த படத்தை.

"என்ன மாமா, பளிச்னு இருக்கா?"

"இருக்கு மாப்ளே. எடுத்தது எங்கே?"

எடுத்த படத்தையும் காட்டினான். மூன்று விஷயங்களைத் தூக்கியிருந்தான். தெரு முனையில் நின்ற பெரிய ஃபிளெக்ஸ் போர்டு. கூடையோடு குந்தியிருந்த ஒரு அம்மா. சாலையைக் கடந்து கொண்டிருந்த, மொபெட்டில் இரண்டு மூட்டை வைத்திருந்த ஒரு ஆள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். நீங்களும் கூட வந்து பாருங்கள்.

முதலில் அந்த அம்மா. பையன் வட்டம் போட்டது அவர் உடம்பையும் கூடையையும் சுற்றித்தான். அவர் நிழல் வட்டத்துக்கு வெளியே விழுந்திருந்தது. அதனால் சுத்தமான படத்தில் அம்மா இல்லை, நிழல் மட்டும் தரையில் குந்தியிருக்கிறது. நிழலுக்குச் சொந்தக்காரர் இல்லை. இந்தத் தில்லுமுல்லைக் கண்டுபிடிக்க முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்: தரையைப் பாருங்கள். அநாதை நிழல் இருக்கிறதா, கடைக் கண்ணாடியிலோ மழைத் தண்ணீரிலோ ஆள் இல்லாத பிம்பம் தெரிகிறதா என்று பாருங்கள்.

அடுத்து மொபெட்காரர். அவருக்குப் பின்னால் ஒரு கடை போர்டு பாதி தெரிந்தது. ஆளைத் தூக்கியதும் போர்டின் மீதிப் பாதியை ரப்பர் எழுதிக் கொடுத்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் தமிழ். கிட்டே போனால் எந்த மொழியும் இல்லை. 'க' மாதிரி ஆரம்பித்து 'த' மாதிரி வளைந்து, மேலே ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு துணைக்கால். எழுத்து என்றால் எப்படி இருக்கும் என்று அந்தக் கருவிக்குத் தோராயமாகத் தெரியும். இங்கே என்ன எழுதியிருந்தது என்று அதற்குத் தெரியாது.

மூன்றாவதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபிளெக்ஸ் போர்டு நின்ற இடத்தில் மலை வந்துவிட்டது. போர்டுக்கு இடது பக்கம் தெரிந்த மலை முகட்டையும் வலது பக்கம் தெரிந்த முகட்டையும் ஒரு மென்மையான வளைவாக இணைத்துவிட்டது ரப்பர். பையனுக்கு மகா திருப்தி. நான் அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் மலையைப் பார்க்கச் சொன்னேன். அந்த இடத்தில் முகடு வளைவாக இல்லை. வெட்டுப்பட்ட மாதிரி இறங்கி, மறுபடி ஏறுகிறது. பிறந்ததிலிருந்து அவன் பார்த்துக்கொண்டிருக்கிற மலை அது.

"யாரு மாமா இதையெல்லாம் பார்க்கப் போறாங்க?" என்றான்.

அந்த ஊரில் இருக்கிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். மற்றவர்கள் நம்புவார்கள். இரண்டாவதுதான் ஆபத்து.

*

இந்தத் தவறு போனின் கோளாறு இல்லை. கருவி செய்ய வேண்டியதைத்தான் செய்தது. அதன் அடிப்படையே அப்படி.

இதற்கு ஆங்கிலத்தில் 'இன்பெயின்டிங்' என்று பெயர். பழைய ஓவியங்களில் பெயர்ந்து விழுந்த இடத்தில், சுற்றியிருப்பதைப் பார்த்து நிறம் தீட்டுகிற பழுதுபார்ப்பவர்களின் சொல் அது. 2000ஆவது ஆண்டில் பெர்டால்மியோவும் அவர் சகாக்களும் கம்ப்யூட்டருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஓட்டையின் விளிம்புக்கு வந்து முட்டுகிற கோடுகளை உள்ளே நீட்டு, நடுவில் நிறத்தைப் பரப்பு. கீறலுக்கும் மெல்லிய ஒயருக்கும் இது பிரமாதம். பெரிய ஓட்டையென்றால் கொழகொழவென்று மங்கிவிடும். 2004இல் கிரிமினிஸி குழு வேறு வழி காட்டியது: படத்தின் இன்னொரு மூலையிலிருந்து பொருத்தமான துண்டை நகல் எடுத்து ஒட்டு. 2010இல் போட்டோஷாப்பில் வந்த வசதியும் இந்த ஒட்டுப்போடும் வம்சம்தான். அந்தக் காலத்துப் படங்களில் ஒரே கூழாங்கல் இரண்டு இடத்தில் கிடக்கும், ஒரே கிளை இரண்டு மரத்தில் இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம்.

இப்போது வருகிற கருவிகள் ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகியவை. மலை என்றால் சாதாரணமாக எப்படி இருக்கும், கடை என்றால் எப்படி இருக்கும் என்று அவற்றுக்கு ஒரு பொதுஅறிவு உண்டு. அதனால் கூழாங்கல் இரண்டு தரம் வராது. திருடன் புத்திசாலியாகிவிட்டான், அவ்வளவுதான். ஆனால் 2000இலிருந்து இன்று வரை அத்தனை கருவிகளும் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்றே ஒன்று: 'இங்கே வழக்கமாக என்ன இருக்கும்?' 'இங்கே என்ன இருந்தது?' என்று அவற்றால் கேட்கவே முடியாது. கேட்டாலும் பதில் கிடைக்காது. போர்டுக்குப் பின்னால் இருந்த மலையிலிருந்து ஒரு துளி வெளிச்சம்கூட கேமராவுக்குள் வரவில்லையே!

வழக்கமான மலை, வழக்கமான கடை, வழக்கமான தெரு. உங்கள் ஊர் வழக்கமான ஊரா, சார்?

*

இதை ஏதோ ஊர்ப் பையன்களின் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். உலகப் புகழ் பெற்றவரும் இதில் மாட்டியிருக்கிறார்.

பச்சைக் கண்களோடு முறைத்துப் பார்க்கும் ஆப்கானிஸ்தான் சிறுமியின் படம் ஞாபகம் இருக்கிறதா? நேஷனல் ஜியாகரபிக் அட்டையில் 1985இல் வந்தது. எடுத்தவர் ஸ்டீவ் மெக்கரி. இந்தியத் தெருக்களைப் படமெடுத்தே பெயர் வாங்கியவர். 2016இல் இத்தாலியில் நடந்த அவர் கண்காட்சியில், கியூபா தெருப் படம் ஒன்றின் முன்னால் ஒரு இத்தாலியப் புகைப்படக்காரர் நின்று உற்றுப் பார்த்தார். சாலையோரக் கம்பம் ஒன்றின் துண்டு இடம் மாறி, நடந்துபோகிற ஆளின் காலருகே ஒட்டிக்கொண்டிருந்தது. அரைகுறையாகச் செய்த ஒட்டுவேலை.

அதற்கப்புறம் ஆளாளுக்குத் தேட ஆரம்பித்தார்கள். ஒரே படத்தின் இரண்டு வடிவங்கள் கிடைத்தன. இந்தியாவில் கொட்டும் மழையில் போகிற ஒரு ரிக்ஷா: ஒரு வடிவத்தில் இருந்த ஆட்கள் இன்னொன்றில் இல்லை. வங்கதேசத்தில் தண்ணீரில் பந்து விளையாடும் பையன்கள்: ஒரு பையனையே காணோம். மெக்கரி சொன்ன பதில், தான் பத்திரிகைப் புகைப்படக்காரர் இல்லை, காட்சி வழியாகக் கதை சொல்கிறவர் என்பது.

சரி, கதைதான். ஆனால் அந்தக் கதையில் யார் வேண்டாம் என்று போனார்கள்? ரிக்ஷாவை விட்டுவிட்டு ஆட்களைத் தூக்கினார். என் மருமகன் மலையை விட்டுவிட்டு கூடைக்காரம்மாவைத் தூக்கினான். தெருப் படத்தில் 'கவனத்தைக் கெடுக்கிறவர்' என்று நாம் வட்டம் போடுகிற ஆளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூட்டை தூக்குகிறவர், கூடை வைத்திருக்கிறவர், வெறும் உடம்போடு நிற்கிறவர். அந்தத் தெருவில் நாள் முழுக்க இருப்பவர் அவர். காரை நிறுத்தி இரண்டு நிமிஷம் படம் எடுத்துவிட்டுப் போகிற நாம்தான் அங்கே அந்நியர். அந்நியர், உள்ளூர்க்காரரை 'அந்நியர்' என்று சொல்லி அழிக்கிறார்!

*

போர்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போர்டு அசிங்கம் என்பது எல்லோருடைய அபிப்பிராயம். இருக்கட்டும். ஆனால் பழைய தெருப் படம் ஒன்றை உங்கள் கையில் கொடுத்து, 'இது எந்த வருஷம்?' என்று கேட்டால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? போர்டைத்தான்.

கெங்குவார்பட்டிக் கடை ஒன்றின் போர்டில் ஊர் பெயருக்குக் கீழே 'மதுரை மாவட்டம்' என்று இருந்தால், எழுதியது பெரும்பாலும் தேனி தனி மாவட்டமான 1996க்கு முன்னால். 'லை', 'னை' எல்லாம் கொம்பு போட்ட பழைய எழுத்தில் இருந்தால், அநேகமாக 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் எழுதியது, அல்லது அந்த எழுத்திலேயே பழகிய கை எழுதியது. 'எஸ்.டி.டி.' பூத் போர்டு இருந்தால் செல்போன் எல்லோர் கைக்கும் வருவதற்கு முந்தைய காலம். ஊர் பெயரைக்கூட ஒரு போர்டில் கெங்குவார்பட்டி, இன்னொன்றில் கெங்குவாரப்பட்டி என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை எப்படி உச்சரித்தார்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அசிங்கம் என்று அந்தப் போர்டைத் தூக்கினால், 30 வருஷம் கழித்து அந்தப் படம் எந்த ஊர், எந்த வருஷம் என்று சொல்ல யாராலும் முடியாது. மலை இருக்கும். அதுவும் இல்லாத மலை.

அழித்த படம் அசலின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதற்கு ஒரு உதாரணம். 1970 மே 4. அமெரிக்காவில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போரை எதிர்த்த மாணவர்கள்மேல் ராணுவக் காவலர்கள் சுட்டு நாலு பேர் இறந்தார்கள். விழுந்து கிடக்கும் மாணவன் பக்கத்தில் 14 வயதுப் பெண் ஒருத்தி மண்டியிட்டு அலறும் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. எடுத்த ஜான் ஃபிலோவே அப்போது மாணவர்தான். அந்தப் பெண்ணின் தலைக்குப் பின்னால் ஒரு வேலிக் கம்பம் தலையிலிருந்து முளைத்த மாதிரி நிற்கும். 1995இல் 'லைஃப்' பத்திரிகை அந்தப் படத்தை வெளியிட்டபோது கம்பத்தைக் காணோம்! நாங்கள் அழிக்கவில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது நிஜம். எப்போதோ, யாரோ ஒருவர் கையால் அழித்த பிரதி படக் காப்பகத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. அதை எடுத்து எடுத்துப் பலர் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். உலகமே பார்த்த படத்துக்கே இந்தக் கதி. கெங்குவார்பட்டிக் கடைத்தெருப் படத்துக்கு யார் சாட்சி சொல்ல வருவார்கள்?

*

இனி வாதம் செய்கிறவர்கள். இரண்டு பேருக்குப் பதில் சொல்கிறேன்.

'முன்பின் தெரியாதவங்களை அவங்க அனுமதி இல்லாம எப்படிப் போடறது? அதனாலதான் எடுக்கறோம்' என்கிறார் ஒருவர். நல்ல எண்ணம்தான். அப்படியானால் முகத்தை மங்கலாக்குங்கள். மங்கலான முகம், 'இங்கே ஒருவர் இருந்தார், அவரைக் காட்ட எனக்கு உரிமை இல்லை' என்று ஒப்புக்கொள்கிறது. அழித்த இடம், 'இங்கே யாருமே இல்லை' என்று சாதிக்கிறது. முதலாவது மரியாதை, இரண்டாவது பொய்.

'அந்தக் காலத்துப் படத்துல மட்டும் தெரு வெறிச்சோடித்தானே இருக்கு?' என்கிறார் இன்னொருவர். சரியான கேள்வி. 1838இல் டாகேர் பாரிஸில் எடுத்த வீதிப் படத்தில் ஜனங்களே இல்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒரு ஆள் பதிவாகியிருக்கிறார். லென்ஸ் நிமிஷக்கணக்கில் திறந்திருக்க வேண்டியிருந்ததால் நடமாடினவர்கள் பதிவாகவில்லை. 1858இல் லின்னேயஸ் டிரைப் மதுரையை எடுத்த படங்கள் ஆளரவமில்லாமல் இருப்பதற்கும் அதுதான் பெரிய காரணம். ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே ஆட்கள் நகர்ந்த இடத்தில் தெரிவது நிஜமான தரை, நிஜமான சுவர். யாரும் கற்பனை செய்த சுவர் இல்லை.

காலித் தெருதான் வேண்டுமென்றால் டாகேர் வழி இன்றைக்கும் இருக்கிறது. போனை ஒரு ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்துங்கள். வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் மாறாமல் பூட்டிவிடுங்கள். கால் நிமிஷத்துக்கு ஒன்றாக 20 படம் எடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. எல்லாவற்றையும் போட்டோஷாப்பில் `File > Scripts > Statistics` என்ற இடத்தில் கொடுத்து `Median` என்பதைத் தேர்ந்தெடுங்கள். இருபது படங்களிலும் ஒவ்வொரு புள்ளியையும் அது வரிசைப்படுத்தி நடுவில் இருக்கிற மதிப்பை எடுத்துக்கொள்ளும். ஒரு இடத்தில் 20 படத்தில் நாலைந்தில்தான் ஆள் வந்து போகிறார் என்றால், மிச்சப் படங்களில் தெரிந்த நிஜத் தரை ஜெயித்துவிடும். ஆள் மறைந்துவிடுவார்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது அதன் நியாயம்தான். கடந்து போகிறவர் கடந்து போய்விடுகிறார். பாதி நேரத்துக்குமேல் ஒரே இடத்தில் இருப்பவர் படத்திலும் இருக்கிறார். கூடைக்காரம்மா இருப்பார். டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிக்கிறவர், பக்கத்தைப் புரட்டிய கை மட்டும் கொஞ்சம் மங்கி, அப்படியே இருப்பார். காற்றில் ஆடுகிற இலை குழம்பும், மேகம் கலங்கும். அது இந்த முறையின் குறை, சொல்லிவிடுகிறேன். நிற்கிற பஸ் போகாது, போர்டும் போகாது.

போர்டுக்குப் பின்னால் இருக்கிற மலைதான் வேண்டுமா? நாலு எட்டு இடது பக்கம் நடந்து இன்னொரு படம் எடுங்கள். கிட்டே இருக்கிற போர்டு சடாரென்று நகரும். தூரத்து மலை ஏறக்குறைய அசையாது. மறைந்திருந்த முகடு தெரியும். அந்தத் துண்டை எடுத்து முதல் படத்தில் ஒட்டினால், அதுவும் ஒட்டுவேலைதான். ஆனால் ஒட்டியது இருக்கிற மலை. போர்டுக்குப் பின்னால் பக்கத்துக் கட்டடம்தான் இருக்கிறதென்றால் இது நடக்காது. அதுவும் சேர்ந்து நகர்ந்துவிடும். அப்போது போர்டோடு வாழப் பழகுங்கள்.

எந்த வழியில் எடுத்தாலும் படத்துக்குக் கீழே ஒரு வரி போடுங்கள்: 'ஃபிளெக்ஸ் போர்டு ஒன்று நீக்கப்பட்டது.' நாலு சொல்தான், மலர்க் குழுவுக்கு மை செலவு ஒன்றும் ஆகிவிடாது. திருத்தியதைத் தனிப் பிரதியாகச் சேமித்து, அசலை அதே போல்டரில் வைத்துவிடுங்கள். ஐபோனும் கூகுளும் 'இந்தப் படம் திருத்தப்பட்டது' என்று கோப்புக்குள் ஒரு குறிப்பு எழுதத்தான் செய்கின்றன. ஆனால் அது அச்சில் வராது. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அநேகமாக வழியிலேயே உதிர்ந்துவிடும். உண்மையைச் சொல்லும் வேலையை மெஷினிடம் விட முடியாது.

அந்த ஒரு வரியைப் போட உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறதா? 'கூடை விற்கும் பெண்மணி ஒருவர் நீக்கப்பட்டார்' என்று அச்சில் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறதா? அப்படியானால் எழுதாமல் விடாதீர்கள். அழிக்காமல் விடுங்கள்.